கிளீவ், சாங்ஷன்: ஒரே சொல்லுக்கு எதிரெதிர் பொருள் எப்படி வந்தது?

கேள்வி: ஆங்கிலத்தில் கிளீவ் என்றால் பிளப்பதும் ஒட்டிக்கொள்வதும் என்கிறார்கள். சாங்ஷன் என்றால் அனுமதியாம், தண்டனையும் அதுவேயாம். இப்படி எதிரெதிர் பொருள் ஒரே சொல்லுக்கு எப்படி வந்தது? படிக்கும்போது இது எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

இந்த மாதிரிச் சொற்களைக் காண்ட்ரனிம் என்பார்கள். நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பிறப்புக் கதை வேறு வேறு. கிளீவ் உண்மையில் ஒரு சொல்லே அல்ல. தனித்தனியாக இருந்த இரண்டு சொற்கள் ஒலி தேய்ந்து ஒரே உருவத்தில் வந்து நின்றுவிட்டன. சாங்ஷன் அப்படியில்லை. அது முதலிலிருந்தே ஒரே சொல்; அதன் பொருள்தான் இரண்டு பக்கம் கிளைவிட்டது. முதலில் கிளீவை எடுத்துக்கொள்கிறேன், அது எளிது.

1066இல் நார்மன்கள் வந்து இறங்குவதற்கு முன்பு இங்கிலாந்தில் பேசிய மொழியைப் பழைய ஆங்கிலம் என்கிறோம். அதில் பிளப்பதற்கு கிளேயோவன் என்று ஒரு வினை இருந்தது. ஒட்டிக்கொள்வதற்கு கிளிவியன் என்று வேறொரு வினை. இரண்டும் இறந்தகாலம் எடுக்கும் முறையே வேறு. பிளப்பது, இன்றைய சிங், சாங், சங் போல நடுவில் உள்ள உயிரொலியை மாற்றிக்கொள்ளும். ஒட்டுவது, வாக், வாக்டு போல வாலில் ஓர் ஒட்டைச் சேர்த்துக்கொள்ளும். அன்றைக்கு இரண்டையும் யாரும் குழப்பிக்கொண்டிருக்க வழியே இல்லை.

அதற்கடுத்த சில நூற்றாண்டுகளில் ஆங்கிலச் சொற்களின் கடைசி அசைகள் தேய்ந்தன. நடுவில் இருந்த குறில் பல சொற்களில் நெடிலாக நீண்டது. இந்த மாற்றங்களால் 14ஆம் நூற்றாண்டு வாக்கில் இரண்டும் ஏறக்குறைய கிளேவன் என்ற ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. பிற்பாடு அந்த நெடிலும் மாறி இன்றைய கிளீவ் ஆயிற்று.

தமிழிலேயே இதற்கு அச்சு அசலான இணை இருக்கிறது. ஆறு என்றால் எண்ணும் உண்டு, நதியும் உண்டு. ஆனால் சங்கப் பாடல்களில் நதி யாறு. முன்னால் இருந்த யகரம் உதிர்ந்ததும் அது எண்ணோடு வந்து ஒட்டிக்கொண்டது. தெலுங்கில் இன்றும் எண் ஆறு, நதி ஏறு, அங்கே கலக்கவில்லை. எண்ணும் நதியும் எதிர்ப்பதங்கள் இல்லை என்பதால் நமக்கு இது வியப்பாகத் தெரிவதில்லை. கிளீவில் ஒன்றாய்ப்போன இரண்டு சொற்களும் தற்செயலாக எதிர்ப்பதங்களாக அமைந்துவிட்டன, அவ்வளவுதான்.

தெலுங்கு இங்கே சாட்சி சொல்வதுபோல, ஆங்கிலத்துக்கு ஜெர்மன் சாட்சி. ஜெர்மனில் ஒட்டுவது கிளேபன், பிளப்பது கிளீபன். பின்னது இப்போது பவேரியா, ஆஸ்திரியா பக்கத்துப் பேச்சில்தான் அதிகம். இருந்தாலும் இரண்டும் கலக்காமல் தனித்தனியாகவே இருக்கின்றன.

இரண்டு குடும்பங்களின் சொந்தபந்தங்களைப் பார்த்தாலும் விஷயம் தெளிவாகும். கசாப்புக் கடைக்காரர் கையில் இருக்கும் கிளீவர் என்ற அகலக் கத்தி, மருத்துவர்கள் கிளெஃப்ட் என்று சொல்லும் அண்ணப் பிளவு, பூண்டுப் பல்லைச் சொல்லும் கிளோவ் எல்லாம் பிளக்கிற குடும்பம். (கிராம்புக்கும் கிளோவ் என்றுதான் பெயர், ஆனால் அது இந்தக் குடும்பமே இல்லை. ஆணி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கிராம்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் தெரியும்.) கிரேக்கத்தில் செதுக்குவதற்கான வினையும் இதே வேரில் வந்தது, எகிப்தியச் சித்திர எழுத்தைச் சொல்லும் ஹைரோகிளிஃப் என்ற சொல்லின் பின்பாதி அதுதான். ஒட்டுகிற குடும்பத்தில் களிமண்ணைச் சொல்லும் கிளே இருக்கிறது, லத்தீன் வழியாக வந்த பசை, அதாவது குளூ, இருக்கிறது. ஒரு பக்கம் வெட்டுக்கத்தி, மறு பக்கம் பசை. இவை ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

இரண்டும் ஒரே உருவத்தில் ஒரே நூலுக்குள் எப்படிச் சண்டையில்லாமல் இருந்தன என்று பார்க்க, 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் ஆங்கில விவிலியத்தைத் திறக்கலாம். கிளீவின் இறந்தகாலமாக அதில் கிளேவ் என்று வரும். ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் பலிக்கான விறகைப் பிளக்கிறார்; அங்கே கிளேவ். ரூத்தின் கதையில் மருமகள் ரூத் மாமியாரை விட்டுப் போகாமல் பற்றிக்கொள்கிறாள். அங்கேயும் அதே கிளேவ். மனிதன் தாய் தகப்பனை விட்டு மனைவியோடு இசைந்திருப்பான் என்கிற பேர்பெற்ற வசனத்தில் வருவதும் கிளீவ்தான்.

ஆனால் சொல்லுக்கு அடுத்து என்ன வருகிறது என்று கவனியுங்கள். ஆபிரகாமின் விறகு நேரடியாக வினைக்குப் பின்னால் நிற்கிறது. நம் கணக்கில் சொன்னால் அது விறகை என்ற இரண்டாம் வேற்றுமை. ரூத்துக்கும் மாமியாருக்கும் நடுவில், கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில், அண்டு என்ற முன்னிடைச்சொல் வருகிறது. இன்றைய ஆங்கிலத்தில் அது டு. கிளீவைப் பொறுத்தவரை இதுதான் முழுச் சோதனையும். கிளீவ் டு என்று வந்தால் ஒட்டிக்கொள்வது. நேரடியாக ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் பிளப்பது. செயப்பாட்டு வினையாக வந்தாலும் பிளப்பதுதான். ஒட்டுகிற கிளீவுக்குச் செயப்பாட்டு வினை வராது. உயிர்வேதியியல் பாடத்தில் ஒரு நொதி புரதத்தைக் கிளீவ் செய்கிறது என்று வந்தாலும், நிலவியலில் ஒரு கனிமம் இன்ன தளத்தில் கிளீவ் ஆகிறது என்று வந்தாலும், வைரம் அறுக்கும் பட்டறையில் வந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு பிளவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

கிளீவை வைத்து ஒரு பெரிய ஆள் சறுக்கிய கதையும் உண்டு. கார்ல் ஏபல் என்ற ஜெர்மன் மொழியறிஞர் 1884இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆதி மனிதன் எதையும் அதன் எதிர்ப்பதத்தோடு ஒப்பிட்டுத்தான் புரிந்துகொண்டான், அதனால் ஆதிச் சொற்களில் ஒவ்வொன்றிலும் இரண்டு எதிர்ப்பொருளும் சேர்ந்தே இருந்தன, பிறகுதான் பிரிந்தன என்பது அவர் வாதம். முக்கியமாக எகிப்திய மொழியைக் காட்டினார், பக்கபலமாக ஐரோப்பிய மொழிகளையும் சேர்த்துக்கொண்டார். இதைப் படித்த உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் ஃபிராய்டுக்கு ஒரே மகிழ்ச்சி. கனவில் ஒன்று அதன் எதிரையும் குறிக்கும் என்று அவர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார். ஆதி மொழியும் அப்படித்தான் இயங்கியது என்றால் அதைவிடச் சான்று என்ன வேண்டும்? 1910இல் ஏபலின் நூலை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். ஏபலிடமிருந்து அவர் எடுத்து வைத்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று, ஜெர்மனில் ஒட்டுவது கிளேபன், ஆங்கிலத்தில் பிளப்பது கிளீவ் என்ற ஜோடி. ஒரே சொல் ஒரு மொழியில் இப்படியும் இன்னொரு மொழியில் அப்படியும் போயிருக்கிறதாம்.

நாம் இப்போதுதான் பார்த்தோம். ஜெர்மன் கிளேபனுக்கு உண்மையான உடன்பிறப்பு ஒட்டுகிற கிளீவ். பிளக்கிற கிளீவின் உடன்பிறப்பு கிளீபன். ஏபல் குடும்பம் மாற்றி ஜோடி சேர்த்திருந்தார். 1956இல் எமில் பென்வெனிஸ்த் என்ற பிரெஞ்சு மொழியியலாளர் ஃபிராய்டின் இந்தப் பகுதியை எடுத்து, ஏபலின் வேர்ச்சொல் ஆராய்ச்சி எதற்கும் தேறாது என்று காட்டினார். அதில் எனக்குப் பிடித்தது ஆல்டஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு அவர் கொடுத்த விளக்கம். அதற்கு உயரமான என்றும் ஆழமான என்றும் பொருள் எழுதுவார்கள். எதிர்ப்பொருள்தானே? இல்லை என்றார். ரோமானியர்கள் எப்போதும் அடியிலிருந்து மேல்நோக்கி அளந்தார்கள். மரத்தை வேரடியிலிருந்து, கிணற்றை அதன் தரையிலிருந்து. அவர்களுக்கு அது ஒரே அளவு, ஒரே பொருள். நம் மொழியில் இரண்டு சொல் இருப்பதால் நமக்குத்தான் அது இரண்டாகத் தெரிகிறது.

சரி, சாங்ஷனுக்கு வருவோம். இதில் இப்படிக் குடும்பக் கலப்பு எதுவும் இல்லை. லத்தீனில் ஒன்றைப் புனிதமாக்கி, மீறக்கூடாததாக நிலைநிறுத்துவதற்கு ஒரு வினை உண்டு. புனிதரைக் குறிக்கும் செயின்ட் என்ற சொல்லும் அந்த வழியில் வந்ததே. அதன் பெயர்ச்சொல் சாங்க்ஷியோ. ரோமானியச் சட்டத்தில் இதற்குத் திட்டமான இடம் இருந்தது. ஒரு சட்டத்தில், இதை மீறுகிறவனுக்கு இன்ன தண்டனை என்று சொல்கிற பகுதிக்குப் பெயரே சாங்க்ஷியோ. 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் தொகுப்பித்த சட்டப் பாடநூல் இதை ஒரு வரியில் விளக்கிவிட்டுப் போகிறது.

முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஒரு சட்டத்தைச் சட்டமாக நிற்கவைப்பது எது? அதிகாரம் உள்ளவர் அதற்கு ஒப்புதல் தந்து முத்திரை போடுகிறார். மீறினால் தண்டனை உண்டு என்ற பகுதி அதற்குப் பல் கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் வெறும் வாக்கியத்தைக் கட்டாயமாக மாற்றுகின்றன. சாங்ஷன் என்ற சொல் முதலில் குறித்தது இந்த மொத்தத்தையும்: கட்டுப்படுத்தும் ஆணை. 1713இல் ஆஸ்திரியாவின் ஆறாம் சார்லஸ், தனக்கு ஆண் வாரிசு இல்லாவிட்டால் மகளே எல்லா நிலங்களுக்கும் வாரிசாகலாம் என்று ஓர் ஆணை பிறப்பித்தார். அதற்குப் பெயர் பிராக்மாடிக் சாங்ஷன். அங்கே அனுமதியும் இல்லை, தண்டனையும் இல்லை, ஆணை, அவ்வளவே. அதன் பலத்தில்தான் 1740இல் அவர் மகள் மரியா தெரேசா பட்டத்துக்கு வந்தார். அந்த ஆணையை மதிக்காதவர்கள் படையோடு வந்தது வேறு கதை.

இந்த நடுப்பொருளிலிருந்து சொல் இரண்டு திசையில் நடந்தது. ஒரு திசையில், ஆணையைச் செல்லுபடியாக்கும் ஒப்புதல் என்று சுருங்கியது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது வினையாகவும் மாறி, அதிகாரபூர்வமாக அனுமதிப்பது என்ற பொருளில் நிலைத்தது. மறு திசையில், ஆணைக்குக் கீழ்ப்படியவைக்கும் விளைவு என்று சுருங்கியது. 1789இல் வெளிவந்த தன் நூலில் ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தாம், மனிதனைக் கட்டுப்படுத்தும் சாங்ஷன்கள் நான்கு என்று வகுக்கிறார்: இயற்கை தருவது, அரசு தருவது, ஊராரின் மதிப்பு தருவது, மதம் தருவது. அவர் கணக்கில் சாங்ஷன் என்பது துன்பமாகவும் இருக்கலாம், இன்பமாகவும் இருக்கலாம். நல்லது செய்தால் கிடைக்கும் பரிசும் சாங்ஷன்தான். தண்டனை என்று மட்டும் அது இன்னும் சுருங்காத கட்டம் அது.

அந்தச் சுருக்கத்தைப் பொதுமக்கள் காதுக்குக் கொண்டுவந்தது 20ஆம் நூற்றாண்டின் அரசியல். 1935 அக்டோபரில் முசோலினியின் இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. நவம்பரில் சர்வதேச சங்கம் இத்தாலிமீது வணிகத் தடைகளை நடைமுறைப்படுத்தியது. அவற்றைத்தான் சாங்ஷன்ஸ் என்றார்கள். (எண்ணெயைத் தடைப் பட்டியலில் சேர்க்காததால் இத்தாலிக்குப் பெரிய வலி இல்லை; அடுத்த ஆண்டே தடைகளை விலக்கிக்கொண்டார்கள்.) இதில் ஒரு வேடிக்கை. பிறகு வந்த ஐ.நா. சாசனத்தில் பொருளாதாரத் தடைக்கு இடம் தரும் 41ஆம் பிரிவில் சாங்ஷன் என்ற சொல்லே கிடையாது. நடவடிக்கைகள் என்றுதான் இருக்கும். ஆனாலும் உலகம் முழுக்க அதற்கு வழங்கும் பெயர் சாங்ஷன்ஸ். தண்டிப்பது என்ற பொருளில் வினையாகப் புழங்கத் தொடங்கியது இதற்கெல்லாம் பிறகு, 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். பழைய இலக்கண வாத்தியார்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

நம் ஊரில் இந்தக் குழப்பத்தை அன்றாடம் பார்க்கலாம். பிரிட்டிஷ் ஆட்சி விட்டுப்போன அலுவலக ஆங்கிலத்தில் சாங்ஷன் என்றால் அனுமதி மட்டும்தான். லோன் சாங்ஷன் ஆயிற்று, லீவு சாங்ஷன் ஆகவில்லை, மின் கட்டண ரசீதில் சாங்ஷன்டு லோடு, எல்லாம் அந்த வகை. சென்னை உயர் நீதிமன்றத்தின் சாங்ஷன்டு ஸ்ட்ரெங்த் 75 நீதிபதிகள் என்றால், அத்தனை பணியிடங்களுக்கு ஒப்புதல் இருக்கிறது என்று அர்த்தம். அதே நாளிதழின் வெளிநாட்டுப் பக்கத்தில் ரஷ்யாமீது சாங்ஷன் என்றால் தடை. இரண்டையும் நாம் தடுமாறாமல் படித்துவிடுகிறோம், பக்கமே சொல்லிவிடுகிறது.

தடுமாற வைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டம், 1988இன் 19ஆம் பிரிவு. அரசு ஊழியர்மீது அந்தச் சட்டத்தின் முக்கியமான குற்றங்களுக்காக வழக்கை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டுமானால், அவரைப் பதவியிலிருந்து நீக்க அதிகாரம் படைத்தவரிடம் முன்கூட்டியே சாங்ஷன் வாங்கவேண்டும். இங்கே பேச்சே குற்றம், தண்டனை பற்றியது. அமைச்சர்மீது சாங்ஷன் என்ற அளவில் காதில் விழுந்தால், அமைச்சரைத் தண்டித்துவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது வழக்குத் தொடர அனுமதி மட்டுமே. வாங்குகிறவர் விசாரணை அமைப்பு, கொடுக்கிறவர் ஆளுநரோ அரசோ; அமைச்சர் இதில் மூன்றாம் ஆள்.

இந்த எடுத்துக்காட்டை வைத்தே சோதனையையும் சொல்லிவிடலாம். சாங்ஷன் பெயர்ச்சொல்லாக வந்தால், அது எதற்கு என்று பாருங்கள். ஒரு செயலுக்கு என்றால் அனுமதி. ஓர் ஆள்மீது, நாட்டின்மீது என்றால் தடை அல்லது தண்டனை. ஆங்கிலத்தில் முன்னதற்கு ஃபார் அல்லது டு வரும், பின்னதற்கு ஆன் அல்லது அகென்ஸ்ட் வரும். பன்மையில் சாங்ஷன்ஸ் என்று வந்தால் பெரும்பாலும் தடைதான். வினையாக வந்தால் செயப்படுபொருளைக் கேளுங்கள். குழு பயணத்தைச் சாங்ஷன் செய்தது என்றால் அனுமதித்தது. குழு உறுப்பினரைச் சாங்ஷன் செய்தது என்றால் தண்டித்தது. செயலை அனுமதிக்கலாம், ஆளைத் தண்டிக்கலாம். இந்த ஒரு வித்தியாசம் பத்தில் எட்டு இடத்தில் போதும்.

மீதி இடங்களில் சோதனை வேலை செய்யாது, அதையும் சொல்லவேண்டும். சாங்ஷன்டு என்று அடைமொழியாக வந்து, அடுத்து வருவது செயலா ஆளா என்று பிரிக்க முடியாத ஒன்றாக இருந்தால் சிக்கல். அமெரிக்கா சாங்ஷன் செய்த நிறுவனம் என்றால் அமெரிக்காவின் ஆசி பெற்றதா, அதன் கறுப்புப் பட்டியலில் உள்ளதா? சாங்ஷன்டு எண்ணெய் வணிகம் என்றால் அனுமதி பெற்ற வணிகமா, தடையை மீறி நடக்கும் வணிகமா? இலக்கணம் கைகொடுக்காது, செய்தியின் அடுத்த பத்தியைப் படித்துத்தான் ஆகவேண்டும். நீங்களே ஆங்கிலத்தில் எழுதுகிற ஆளென்றால் அந்த இடங்களில் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள். அனுமதிக்கு அப்ரூவ் அல்லது ஆத்தரைஸ் இருக்கிறது, மறுபக்கத்துக்கு பீனலைஸ் இருக்கிறது. ஒப்பந்தத்திலோ அலுவலகக் கடிதத்திலோ எழுதும்போது இது இன்னும் முக்கியம்.

இதையெல்லாம் படித்தபின், இவ்வளவு குழப்பத்தோடு இந்தச் சொற்கள் எப்படிப் பிழைத்திருக்கின்றன என்று கேட்பீர்கள். என் கருத்து, இரண்டு பொருளும் ஒரே வாக்கிய அமைப்பில், ஒரே இடத்தில் மோதிக்கொள்ளாதவரை எதிர்ப்பொருள் இருப்பது ஒரு தொல்லையே இல்லை. மோதிக்கொண்டால் ஒன்று செத்துப்போகும். செத்துப்போன ஒன்று உங்கள் அலமாரியில் இருக்கிறது.

இந்தியப் பாஸ்போர்ட்டைத் திறந்தால் குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சிட்டிருக்கும். இதை வைத்திருப்பவரைத் தடையின்றிப் போக அனுமதிக்கவேண்டும் என்று வரும் இடத்தில், ஆங்கிலத்தில் வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ் என்றிருக்கும். லெட் என்றால் விடு, அனுமதி என்றுதானே பள்ளியில் படித்தோம்? இங்கே இருப்பது வேறு லெட். பழைய ஆங்கிலத்தில் லேட்டன் என்றால் விடுவது, லெட்டன் என்றால் தடுப்பது. தூரத்து உறவுக்காரச் சொற்கள், ஆனால் தனித்தனி வினைகள். தடுக்கிற லெட்டன், தாமதத்தைச் சொல்லும் லேட் என்ற சொல்லோடு பிறந்தது. காலப்போக்கில் இரண்டும் லெட் ஆகிவிட்டன.

ஷேக்ஸ்பியர் காலத்தில் இரண்டும் உயிரோடுதான் இருந்தன. ஹேம்லெட் நாடகத்தில் தந்தையின் ஆவியைப் பின்தொடர விடாமல் நண்பர்கள் பிடித்திழுக்கும்போது, என்னை லெட் செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்று இளவரசன் கத்துகிறான். தடுக்கிறவனைக் கொன்றுவிடுவேன் என்கிறான். இன்றைய காதுக்கு, தன்னைப் போக விடுகிறவனைக் கொல்லப்போவதாகக் கேட்கும்.

கிளீவைக் காப்பாற்றியது டு. சாங்ஷனைக் காப்பாற்றுவது செயலா ஆளா என்ற வித்தியாசம். லெட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. விடுவதும் ஓர் ஆளைத்தான், தடுப்பதும் ஓர் ஆளைத்தான். அவன் என்னை லெட் செய்தான் என்றால் விட்டானா தடுத்தானா என்று தெரிய வழியே இல்லை. இரண்டும் ஒரே மாதிரிச் சூழ்நிலையில்தான் வரும். அதிகம் புழங்கிய லெட் ஜெயித்தது. மற்றது சட்ட வாசகத்திலும் டென்னிஸ் மைதானத்திலும் மட்டும் ஒதுங்கிக்கொண்டது. சர்வீஸ் போட்ட பந்து வலையில் உரசிக்கொண்டு போனால் லெட் என்று நடுவர் கத்துகிறாரே, அது பொதுவாகத் தடங்கல் என்ற இந்தப் பொருள் என்றே விளக்குவார்கள்.

இப்படி மோதலால் சொல் சாகும் என்பதைப் பிரான்ஸில் ஜூல் கிலியேரோன் என்பவர் வரைபடம் போட்டே காட்டினார். அவர் தொகுத்த பிரெஞ்சு வட்டாரமொழிப் படத்தொகுதி 1902 முதல் வெளிவந்தது. தென்மேற்கில் கஸ்கோனி பகுதியில் லத்தீன் சொற்களின் கடைசி லகர இரட்டை டகரமாக மாறியது. அதனால் சேவலைக் குறித்த சொல் காட் என்று ஆனது. பூனைக்கும் அங்கே ஏற்கெனவே காட்தான். ஒரே முற்றத்தில் திரியும் சேவலுக்கும் பூனைக்கும் ஒரே பெயர் இருந்தால் குடியானவர் என்ன செய்வார்? சேவலின் பெயரைக் கைவிட்டார். சேவலைச் சில ஊர்களில் ஃபெசன்ட் பறவையின் பெயரால் அழைத்தார்கள், சில ஊர்களில் உதவிப் பாதிரியாரைக் குறிக்கும் சொல்லால். அந்த மாற்றுப் பெயர்கள் வழங்கும் எல்லை, லகரம் டகரமான எல்லைக்குள்ளேயே அடங்கியது. இவை எதிர்ப்பதங்கள்கூட இல்லை. ஒரே முற்றத்தில் இருந்ததுதான் குற்றம்.

ஒரே நாட்டில் மோதாமல் இரண்டு நாட்டில் பிரிந்து வாழும் எதிர்ப்பொருளும் உண்டு. டேபிள் என்ற வினை பிரிட்டனில் ஒரு விஷயத்தை விவாதத்துக்கு முன்வைப்பது. இந்தியாவிலும் அதே, நாடாளுமன்றத்தில் அறிக்கையை டேபிள் செய்தார்கள் என்றால் தாக்கல் செய்தார்கள். அமெரிக்காவில் அதுவே விவாதத்தைத் தள்ளிப்போடுவது. அவரவர் ஊரில் இருக்கும்வரை தொல்லையில்லை. இரண்டாம் உலகப் போரில் இரு நாட்டு ராணுவத் தலைமைகளும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிரிட்டிஷ் தரப்பு ஓர் அறிக்கையை அவசரம் என்று டேபிள் செய்யச் சொன்னது. அமெரிக்கத் தரப்பு, இவ்வளவு முக்கியமானதை டேபிள் செய்யக்கூடாது என்றது. நீண்ட, காரசாரமான வாக்குவாதத்துக்குப் பிறகுதான் இருவரும் ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததாம். இதைச் சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இங்கே இலக்கணச் சோதனை எதுவும் பயன்படாது, வாக்கிய அமைப்பு அச்சாக ஒன்றே. பேசுகிறவர் எந்த ஊர்க்காரர் என்பது மட்டும்தான் குறிப்பு.

கடைசியாக ஒன்று. இணையத்தில் இந்தச் சொற்களின் பட்டியல்கள் நூறு நூற்றைம்பது என்று நீளும். அவற்றில் பாதிக்கு மேல் இந்த வரலாறு எதுவும் தேவைப்படாது. தூசியைச் சொல்லும் டஸ்ட் வினையானால், மேஜையை டஸ்ட் செய்வது தூசி தட்டுவது, கேக்கின்மீது சர்க்கரைப் பொடியை டஸ்ட் செய்வது தூவுவது. விதையைச் சொல்லும் சீட் என்ற சொல்லும் அப்படித்தான். வயலில் விதைப்பதும் உண்டு, பழத்திலிருந்து விதையெடுப்பதும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லை அப்படியே வினையாக்கினால், அந்தப் பொருளை வைத்து வழக்கமாக என்ன செய்வோமோ அதைச் செய் என்றுதான் ஆகும். சேர்ப்பதா எடுப்பதா என்று வினை சொல்வதில்லை, எதன்மேல் செய்கிறோம் என்பது சொல்லிவிடும். வயல் என்றால் போடுவார்கள், திராட்சை என்றால் எடுப்பார்கள். அகராதியைப் புரட்டுவதைவிட, அந்த வேலையை ஒருவர் செய்வதை மனத்தில் பார்த்தாலே இந்த வகைக்குப் போதும்.